வெற்றியாளர் பட்டியலில் பரிசுத் தொகையைத் தமிழ்ச் சொற்களில் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

போட்டி முடிந்து, முடிவுகள் வந்து, பட்டியல் அச்சுக்குப் போகும் நேரத்தில்தான் பெரும்பாலும் இந்த வேலை தொடங்குகிறது. பெயர், ஊர், பரிசு, தொகை என்று நான்கு பத்திகள் தயாராக இருக்கும். தொகையை எண்ணில் மட்டும் போட்டால் ஒரு பூஜ்யம் கூடினாலோ குறைந்தாலோ யாருக்கும் தெரியாது என்பதால், “எழுத்திலும் போடுங்கள்” என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் எழுத்தில் போடும்போது வேறு வகைப் பிழைகள் நுழைகின்றன. அவை எங்கே நுழைகின்றன, எப்படித் தடுப்பது என்பதை ஒரு மாதிரிப் பட்டியலை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

மாதிரிப் பட்டியல் ஒரு கட்டுரைப் போட்டியினுடையது. மொத்தம் 19 பேருக்குப் பரிசு.

- முதல் பரிசு: ரூ.75,000
- இரண்டாம் பரிசு: ரூ.11,000
- மூன்றாம் பரிசு: ரூ.7,500
- சிறப்புப் பரிசு: ரூ.3,001
- ஆறுதல் பரிசு: தலா ரூ.1,350, 5 பேர்
- ஊக்கப் பரிசு: தலா ரூ.900, 10 பேர்

மொத்தத் தொகை ரூ.1,12,251.

படி 1: பெயர்களை ஒதுக்கிவிட்டுத் தொகைகளை மட்டும் எடுங்கள்

பட்டியலில் 19 வரிகள் இருந்தாலும் வெவ்வேறு தொகைகள் ஆறுதான். மொத்தத்தையும் சேர்த்தால் ஏழு. எழுத்தாக்க வேண்டியவை இந்த ஏழு மட்டுமே. ஒவ்வொரு வெற்றியாளரின் வரியிலும் தனித்தனியாகத் தட்டச்சு செய்தால் ஒரே 1,350 ஐந்து இடத்தில் ஐந்து விதமாக வந்து நிற்கும். ஓர் இடத்தில் “முந்நூற்று”, அடுத்ததில் “முன்னூற்று”, இன்னொன்றில் “முன்னூத்தி” என்று இருக்கும். அதனால் தொகைகளைத் தனித்தாளில் இறங்குவரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சொல் வடிவத்தை ஒரே ஒரு முறை எழுதுங்கள். அதைச் சரிபார்த்து முடித்த பிறகு, பட்டியலுக்கு அங்கிருந்து நகலெடுத்தால் போதும். எண்ணைத் தானாகச் சொல்லாக்கும் கருவிகளைத் தேடிப் போகத் தேவையில்லை. ஏழு தொகைகளைக் கையால் எழுதிப் பார்ப்பதற்கு ஆகும் நேரத்தைவிட, கருவி தரும் சொற்களில் சந்தியைத் திருத்துவதற்குத்தான் அதிக நேரம் ஆகும்.

படி 2: காற்புள்ளியில் வெட்டுங்கள்

நம் முறையில் காற்புள்ளி விழும் இடமும் தமிழ்ச் சொல் மாறும் இடமும் ஒன்றே. 1,12,251 என்பதை 1 | 12 | 251 என்று வெட்டினால் முதல் துண்டு லட்சம், இரண்டாவது ஆயிரம், மூன்றாவது நூறும் அதற்குக் கீழும். ஆனால் கணினியில் இயல்பாக 112,251 என்று மூன்று மூன்று இலக்கமாகத்தான் பல நேரம் தெரியும். அதைப் பார்த்து எழுதுபவர் “நூற்றுப் பன்னிரண்டாயிரம்” என்று தொடங்கிவிடுவார். எக்செல் தாளில் தொகைப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, எண் வடிவமைப்பில் தனிப்பயன் வடிவமாக இதைக் கொடுத்தால் லட்சம், கோடிக் காற்புள்ளிகள் வந்துவிடும்:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

வெட்டிய துண்டில் முன்னால் பூஜ்யம் இருந்தால் நிதானிக்க வேண்டும். 1,05,000 என்பதன் நடுத்துண்டு 05, அதாவது ஐந்து. எனவே “ஒரு லட்சத்து ஐந்தாயிரம்”. 1,50,000 என்பதன் நடுத்துண்டு 50. அது “ஒரு லட்சத்து ஐம்பதாயிரம்”. எண்ணில் இவை இரண்டும் பார்வைக்கு நெருக்கமானவை. வேகமாக எழுதும்போது மாறிப்போகும் இணைகளில் இதுவே முதலாவது.

“ஒன்றரை லட்சம்” என்பது பேச்சுக்கும் செய்திக்கும் பொருந்தும். பட்டியலில் வேண்டாம். எண்ணுக்கு எதிரே வைத்து வாசிப்பவர் இலக்கம் இலக்கமாக ஒப்பிட முடியவேண்டும்.

படி 3: கூட்டலா, பெருக்கலா என்று பாருங்கள்

தமிழ் எண்ணுப் பெயர்களில் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியில் தெளிந்துவிடும். இரண்டு எண் சொற்கள் அடுத்தடுத்து வரும்போது அவை கூடுகின்றனவா, பெருகுகின்றனவா?

கூடினால், முன்னால் நிற்கும் சொல் திரியும். இருபது என்பது “இருபத்து” ஆகும். நூறு “நூற்று” ஆகும். ஆயிரம் “ஆயிரத்து”, லட்சம் “லட்சத்து”. கோடி மட்டும் “கோடியே” என்று ஏகாரம் பெறும். எத்தனை துண்டுகள் இருந்தாலும் கடைசித் துண்டு மட்டும் முழு வடிவில் நிற்கும். அதற்கு முன்னுள்ளவை எல்லாம் திரிந்து நிற்கும். ஏழாயிரத்து ஐந்நூறு என்பதில் ஆயிரம் திரிந்திருக்கிறது, ஐந்நூறு முழுதாக நிற்கிறது. ஆயிரத்து முந்நூற்று ஐம்பது என்பதில் ஆயிரமும் முந்நூறும் திரிந்திருக்கின்றன, ஐம்பது முழுதாக நிற்கிறது.

பெருகினால் இந்தத் “த்து” வராது. இருபது மடங்கு ஆயிரம் “இருபதாயிரம்”. இதை “இருபத்தாயிரம்” என்று எழுதுவது தவறு. அப்படியே ஐம்பதாயிரம், அறுபதாயிரம், தொண்ணூறாயிரம். ஆனால் 26,000 என்றால் முதலில் இருபதும் ஆறும் கூடுகின்றன, பிறகு ஆயிரத்தோடு பெருகுகின்றன. எனவே “இருபத்தாறாயிரம்”. இங்கே “த்து” வந்திருப்பது ஆறு கூடியதால். மாதிரிப் பட்டியலின் முதல் பரிசும் இதே வகைதான்: எழுபதும் ஐந்தும் கூடி எழுபத்தைந்து, அது ஆயிரத்தோடு பெருகி “எழுபத்தைந்தாயிரம்”.

பேச்சில் “இருபத்தி”, “நூத்தி”, “ஆயிரத்தி”, “லட்சத்தி” என்று இகரத்தில் முடிப்பது எல்லாருக்கும் பழக்கம். அச்சில் அது இருபத்து, நூற்று, ஆயிரத்து, லட்சத்து. “நூற்றி” என்று பாதித் திருத்தத்தோடு நின்றுவிடுவதையும் பார்க்கலாம். கோப்பில் “த்தி”, “ற்றி” என்று தேடிப் பார்த்தால் பெரும்பாலானவை ஒரே தேடலில் அகப்பட்டுவிடும்.

படி 4: பெருக்கும்போது மாறும் வடிவங்களைச் சரியாக எடுங்கள்

பெருக்கும் எண் சில இடங்களில் தன் உருவை மாற்றிக்கொள்ளும். நூறுகளில் மாற்றம் அதிகம்: இருநூறு, முந்நூறு, நானூறு, ஐந்நூறு, அறுநூறு, எழுநூறு, எண்ணூறு, தொள்ளாயிரம். ஆயிரங்களில் குறைவு: இரண்டாயிரம், மூவாயிரம், நான்காயிரம், ஐந்தாயிரம், ஆறாயிரம், ஏழாயிரம், எட்டாயிரம், ஒன்பதாயிரம், பத்தாயிரம். ஈராயிரம், ஐயாயிரம், எண்ணாயிரம் என்பனவும் தமிழே. ஆயினும் பட்டியலை விரைந்து பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டாயிரம், ஐந்தாயிரம், எட்டாயிரம் என்பவைதான் உடனே எட்டும். 11,000 “பதினோராயிரம்”, 21,000 “இருபத்தோராயிரம்”.

இதில் மிக ஆபத்தானது ஒன்பது. 900 என்பது தொள்ளாயிரம். சொல்லின் முடிவில் “ஆயிரம்” இருந்தாலும் அது நூறுகளைச் சேர்ந்தது. 9,000 என்பதே ஒன்பதாயிரம். 90 தொண்ணூறு. அதன் முடிவில் “நூறு” ஒலித்தாலும் அது பத்துகளைச் சேர்ந்தது. ஊக்கப் பரிசு 900-க்கு எதிரே “ஒன்பதாயிரம்” என்று விழுந்துவிட்டால் பத்து மடங்கு கூடிப்போகும். அந்தச் சொல் பிழையில்லாத சொல் என்பதால் சொற்பிழை பார்ப்பவர் கண்ணில் படாது. நம் பட்டியலில் ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. பத்துப் பேருக்குத் தலா 900 என்றால் ஊக்கப் பரிசுகளின் கூட்டுத்தொகை 9,000. கணக்குத் தாளில் தொள்ளாயிரமும் ஒன்பதாயிரமும் அருகருகே இருக்கும். இந்த வரியை மட்டும் இருமுறை பாருங்கள். 9,900 வந்தால் “ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்”.

எழுத்துப்பிழைகளில், சொற்பிழை திருத்தி பிடிக்காதவைதான் கவலைக்குரியவை. “எண்பது” என்பதை “என்பது” என்று அடித்தால் அதுவும் ஒரு நல்ல தமிழ்ச் சொல். எனவே சிவப்புக் கோடு விழாது. 800 “எண்ணூறு”, “என்னூறு” அல்ல. 300 “முந்நூறு”. “முன்னூறு” என்று எழுதினால் முன்னே உள்ள நூறு என்றாகிவிடும். 90 “தொண்ணூறு”. “தொன்னூறு” என்பது பரவலான பிழை. 600-க்கும் 700-க்கும் முதலெழுத்துக் குறுகும்: அறுநூறு, எழுநூறு. 500-ஐப் பாடநூல் வழக்கில் “ஐந்நூறு” என்றும் நாளிதழ்களில் பெரும்பாலும் “ஐநூறு” என்றும் பார்க்கலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பட்டியல் முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஐந்நூறு என்றே எழுதியிருக்கிறோம்.

படி 5: ஒற்று மிகும் இடம்

வல்லினம் மிகும் விதிகள் நிறைய இருப்பதால் பலர் இந்த இடத்தில் பயந்து ஒற்றை மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். தொகை எழுதுவதில் அந்தப் பயம் தேவையில்லை. “த்து”, “ற்று” என்று திரிந்த சொல்லுக்குப் பின்னால் வரக்கூடிய எண்ணுப் பெயர்கள் எந்த எழுத்துகளில் தொடங்குகின்றன என்று பாருங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, நூறு… இவை உயிரிலோ மெல்லினத்திலோ தொடங்குபவை. வல்லினத்தில் தொடங்குபவை இரண்டே வகை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு முதல் பத்தொன்பது வரை ‘ப’. தொண்ணூறும் தொள்ளாயிரமும் ‘தொ’. ஆக, ‘ப’ வந்தால் “ப்”, ‘தொ’ வந்தால் “த்”. வேறெங்கும் ஒற்றுப் போடத் தேவையில்லை.

- 110: நூற்றுப் பத்து
- 1,015: ஆயிரத்துப் பதினைந்து
- 2,990: இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு
- 1,12,000: ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்

மற்ற தொகைகளில் பழக்க தோஷத்தால் ஒற்று நுழைகிறதா என்றும் பாருங்கள். “ஆயிரத்தும் முந்நூறு”, “லட்சத்தும் ஐம்பதாயிரம்” போன்ற உருவங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

ஆள்கணக்கிலும் ஒரு சிறு குறிப்பு. ஐந்து பேர், ஆறு பேர் என்பவற்றில் ஒற்று மிகாது. எட்டுப் பேர், பத்துப் பேர் என்பவற்றில் மிகும்.

படி 6: எங்கே சேர்ப்பது, எங்கே இடைவெளி விடுவது

இரண்டாயிரத்தைந்நூறு என்று சேர்த்தாலும் இலக்கணப்படி தவறில்லை. அறுநூற்றறுபத்தேழு என்றும் சேர்க்கலாம். ஆனால் மேடையில் நின்று பட்டியலை வாசிப்பவர் அங்கே தடுக்கி விழுவார். அச்சுப் பட்டியலுக்கு எளிய ஒழுங்கு இது: லட்சம், ஆயிரம், நூறு ஆகிய ஒவ்வொன்றும் முடிந்த இடத்தில் இடைவெளி. பத்தும் ஒன்றும் கூடும் இடத்தில், பின்வருவது உயிரெழுத்தில் தொடங்கினால் சேர்த்து எழுதுங்கள்: இருபத்தைந்து, ஐம்பத்தொன்று, எண்பத்தெட்டு. மெய்யில் தொடங்கினால் இடைவெளி: இருபத்து மூன்று, அறுபத்து நான்கு. நூற்றைம்பது, இருநூற்றைம்பது என்ற சேர்க்கைகள் பழகிப்போனவை. அவற்றை ஏற்றால் பட்டியல் முழுவதும் அப்படியே வரவேண்டும். ஓரிடத்தில் “இருநூற்றைம்பது”, வேறோரிடத்தில் “முந்நூற்று ஐம்பது” என்று இருக்கக் கூடாது.

லட்சமா இலட்சமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். லட்சம் என்றால் “ஒரு லட்சம்”. இலட்சம் என்றால் அது உயிரில் தொடங்குவதால் “ஓர் இலட்சம்”. “ஒரு இலட்சம்” என்பது இரண்டு வழக்கையும் கலந்த உருவம்.

படி 7: “ரூபாய்” முன்னாலா பின்னாலா

இரண்டும் வழக்கில் உண்டு. காசோலையில் “ரூபாய் ஏழாயிரத்து ஐந்நூறு மட்டும்” என்று முன்னால் வரும். பேச்சிலும் செய்தியிலும் “ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்”. நம் பணத்தாள்களில் உள்ள தமிழ் வரியும் “நூறு ரூபாய்”, “இருநூறு ரூபாய்” என்று பின்னால் வைத்தே அச்சாகிறது. பட்டியலுக்குப் பின்னால் வைப்பதே நல்லது. வாசிக்கக் காதுக்கு இயல்பாக இருக்கும். “மட்டும்” என்பது பின்னால் யாரும் எதையும் சேர்த்துவிடாமல் தடுக்கக் காசோலையில் எழுதுவது. அச்சுப் பட்டியலில் அதற்கு வேலை இல்லை.

ரூபாய் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒரு சொல் மாறும். அதுதான் ஒன்று. 501, 1,001, 3,001 என்று ஒன்று கூட்டிப் பரிசு கொடுப்பது நம் வழக்கம் என்பதால் இது அடிக்கடி வரும். ரூபாய் முன்னால் நின்றால் “ரூபாய் மூவாயிரத்து ஒன்று”. பின்னால் நின்றால் “மூவாயிரத்து ஒரு ரூபாய்”. “மூவாயிரத்து ஒன்று ரூபாய்” என்று அச்சாகியிருந்தால், ரூபாய் இல்லாமல் எழுதிய சொற்பட்டியலில் பிறகு ரூபாயை ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த மாற்றம் ஒன்றில் முடியும் எல்லாத் தொகைக்கும் பொருந்தும்: 251 “இருநூற்று ஐம்பத்தொரு ரூபாய்”.

எண்ணோடு எழுதும்போது “ரூ.7,500” போதும். “ரூ.7,500 ரூபாய்” என்று இருமுறை வரக் கூடாது. “தலா”, “வீதம்” என்பனவும் அப்படியே. “தலா தொள்ளாயிரம் ரூபாய்” என்றோ “தொள்ளாயிரம் ரூபாய் வீதம்” என்றோ எழுதலாம். இரண்டையும் ஒன்றாக எழுத வேண்டாம். ஆனால் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும். “ஆறுதல் பரிசு, 5 பேர், ஆயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்” என்று மட்டும் போட்டால், ஐவரும் பகிர்ந்துகொள்ள வேண்டிய தொகையோ என்ற சந்தேகம் வரும்.

இதுவரை சொன்னவற்றைப் போட்டால் மாதிரிப் பட்டியலின் சொல் வடிவங்கள் இப்படி வரும்:

| எண் | எழுத்து |
|---|---|
| 75,000 | எழுபத்தைந்தாயிரம் ரூபாய் |
| 11,000 | பதினோராயிரம் ரூபாய் |
| 7,500 | ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் |
| 3,001 | மூவாயிரத்து ஒரு ரூபாய் |
| 1,350 | ஆயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய் |
| 900 | தொள்ளாயிரம் ரூபாய் |
| 1,12,251 | ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து இருநூற்று ஐம்பத்தொரு ரூபாய் |

படி 8: பகிர்ந்த பரிசு

மூன்றாம் பரிசை இருவர் பகிர்ந்துகொண்டால் எளிது. 7,500-இல் பாதி 3,750, “மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்”. இரண்டாம் பரிசை மூவர் பகிர்ந்தால் 11,000-ஐ மூன்றால் வகுக்க 3,666 ரூபாய் 66 பைசா என்று போய்க்கொண்டே இருக்கும். பைசாவை எழுத்தில் போட்டு அச்சடிப்பது வீண் சிக்கல். பரிசளிப்பவரிடம் கேட்டு, முழு ரூபாயாக்கிக்கொள்ளுங்கள். மேலே ஏற்றினால் ஒவ்வொருவருக்கும் 3,667, “மூவாயிரத்து அறுநூற்று அறுபத்தேழு ரூபாய்”. அப்போது மூவருக்கும் சேர்த்து 11,001 ஆகிவிடும். மொத்தமும் 1,12,252 ஆகும். அதாவது கடைசிச் சொல் “ஐம்பத்தொரு” என்பதிலிருந்து “ஐம்பத்திரண்டு” என்று மாறும். தொகையை மாற்றிவிட்டு மொத்தத்தின் எழுத்து வடிவை மாற்ற மறந்துபோவது மிகச் சாதாரணமாக நடப்பது. எந்தத் தொகை மாறினாலும் மொத்தத்தின் வரிக்கு ஒருமுறை திரும்பி வாருங்கள்.

பிடித்தங்கள் ஏதும் இருந்தால், பட்டியலில் அறிவித்த முழுத் தொகையையே எழுதுங்கள். கைக்குக் கிடைக்கும் தொகை காசோலைக்கும் பற்றுச்சீட்டுக்கும் உரியது.

படி 9: சொற்களைப் பட்டியலில் ஏற்றுவது

சரிபார்த்த ஏழு வரிகளையும் அதே எக்செல் கோப்பில் ஓர் ஓரமாக வையுங்கள். H பத்தியில் எண், I பத்தியில் எழுத்து. வெற்றியாளர்களின் தொகை C பத்தியில் 2-ஆம் வரியிலிருந்து 20-ஆம் வரிவரை இருந்தால், D2-இல் இந்தச் சூத்திரத்தைப் போட்டுக் கீழே இழுக்கலாம்:

```
=VLOOKUP(C2,$H$2:$I$8,2,FALSE)
```

கடைசியில் உள்ள `FALSE` விடுபடக் கூடாது. அது இருந்தால், H பத்தியில் இல்லாத தொகைக்கு `#N/A` என்று வந்து நம்மை எச்சரிக்கும். அது இல்லாவிட்டால் சூத்திரம் நெருங்கிய தொகையைத் தேடும். ஏறுவரிசையில் அடுக்கிய பட்டியலாக இருந்தால், 7,000-க்கு அதைவிடக் குறைந்த தொகையான 3,001-இன் சொற்களை எடுத்து அமைதியாகப் போட்டுவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. இறங்குவரிசையில் இருந்தால் விடை இன்னும் தாறுமாறாகும்.

தொகை சரியாக இருந்தும் `#N/A` வருகிறது என்றால், அந்தக் கட்டத்தில் எண் உரையாகப் பதிந்திருக்கும். “ரூ.” சேர்த்து அடித்ததோ, வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும்போது பின்னால் ஓர் இடைவெளி வந்ததோ காரணமாக இருக்கலாம். எண்ணை மட்டும் புதிதாக அடித்தால் சரியாகிவிடும். எண்ணிக்கையைச் சரிபார்க்க:

```
=COUNTIF(C2:C20,1350)
=SUM(C2:C20)
```

முதலாவது 5 என்றும் இரண்டாவது 1,12,251 என்றும் வரவேண்டும். உரையாகப் பதிந்த தொகையைக் கூட்டல் சேர்த்துக்கொள்ளாது என்பதால், மொத்தம் குறைந்தாலும் அதே கோளாறைத் தேடுங்கள்.

படி 10: அச்சகத்தில் என்ன ஆகும்

யூனிகோடில் அடித்த கோப்பை அச்சகத்தார் தங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றி எடுப்பது இன்னும் நடக்கிறது. அந்த மாற்றத்தில் முதலில் உடைவது எழுத்துக்கு இரு பக்கமும் நிற்கும் ஒகர, ஓகாரக் குறிகள். தொகைகளில் அவை வரும் இடங்கள் குறைவு: தொள்ளாயிரம், தொண்ணூறு, ஐம்பத்தொரு போன்ற “த்தொ” சேர்க்கைகள், பதினோராயிரம், கோடி. மெய்ப்புப் படி வந்தவுடன் இந்தச் சொற்களைத்தான் முதலில் பாருங்கள். அடுத்தது ₹ குறி. 2010-இல்தான் இது அறிமுகமானது என்பதால் பழைய எழுத்துருக்களில் இருக்காது. அந்த இடத்தில் வெறும் கட்டமோ வேறு எழுத்தோ விழும். “ரூ.” என்று எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

அகலத்தைத் தீர்மானிப்பது மிக நீளமான தொகை. நம் பட்டியலில் மொத்தத்தின் எழுத்து வடிவம் எந்தப் பத்தியிலும் அடங்காது. அதை அட்டவணைக்கு வெளியே, கீழே தனி வரியாக வையுங்கள். வெற்றியாளர் வரிகளில் எண்ணை மேலேயும் எழுத்தை அதன் கீழே சற்றுச் சிறிய அளவிலும் வைத்தால், தனிப்பத்தி தேவைப்படாமல் பெயருக்கு இடம் கிடைக்கும். வரி உடைய வேண்டி வந்தால் “ஆயிரத்து”, “முந்நூற்று” போன்ற துண்டுகளுக்குப் பின் உடையட்டும். சொல்லின் நடுவில் உடையாதபடி சொற்பிளவு வசதியை நிறுத்திவையுங்கள். “ஐம்பது” ஒரு வரியிலும் “ரூபாய்” அடுத்த வரியிலும் தனித்து விழாமல் இருக்க, அவற்றுக்கு இடையே பிரியா இடைவெளி போடலாம். வேர்டில் அதற்கு `Ctrl+Shift+Space`. இரு ஓரமும் சமன் செய்யும் அமைப்பை இந்தப் பத்திக்கு எடுத்துவிடுங்கள். நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும்.

படி 11: மெய்ப்புப் பார்ப்பது

எண்ணையும் எழுத்தையும் ஒருவரே பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எண்ணைப் பார்த்த கண் எழுத்தையும் அதுவாகவே வாசித்துவிடும். இருவர் வேண்டும். ஒருவர் மெய்ப்புப் படியில் எழுத்தை மட்டும் உரக்க வாசிக்கட்டும். மற்றவர் பட்டியலைப் பார்க்காமல், காதில் விழுவதை எண்ணாக வெற்றுத்தாளில் எழுதட்டும். 19 தொகைகளும் எழுதி முடிந்தபின் அந்தத் தாளை மூலப் பட்டியலோடு ஒப்பிட்டு, கூட்டியும் பாருங்கள். தொள்ளாயிரம்–ஒன்பதாயிரம், ஐந்தாயிரம்–ஐம்பதாயிரம் மாறியிருந்தால் இதில் நிச்சயம் அகப்படும். எழுத்துப்பிழைகள் காதில் விழாது. “எண்பது”, “என்பது” இரண்டும் பலர் வாயில் ஒன்றுபோலவே ஒலிக்கும். அதற்குத் தனியாக ஒரு கண்பார்வை தேவை. படி 4-இல் உள்ள சொற்களைத் தேடல் பெட்டியில் ஒவ்வொன்றாக இட்டுத் தேடுவது இன்னும் உறுதியானது.

காசோலை எழுதுபவரிடமும் இதே சொற்பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். செலாவணி முறிச் சட்டம், 1881-இன் 18-ஆவது பிரிவின்படி, எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே கொள்ளப்படும். அச்சுப் பட்டியல் காசோலை அல்ல. ஆனாலும் வாசிக்கும் வெற்றியாளர் எழுத்தில் உள்ளதையே நம்புவார்.

அச்சாகிவிட்ட பிறகு பிழை தெரிந்தால், பேனாவால் அடித்துத் திருத்த வேண்டாம். தொகையில் கைத்திருத்தம் இருந்தால் பட்டியல் முழுவதன்மீதும் சந்தேகம் விழும். சிறு தாளில் திருத்தம் அச்சிட்டு ஒவ்வொரு படியிலும் இணையுங்கள். அதில் எண், எழுத்து இரண்டும் இருக்கட்டும்: “ஊக்கப் பரிசு, தலா ரூ.900: ‘ஒன்பதாயிரம் ரூபாய்’ என்று அச்சாகியுள்ளதைத் ‘தொள்ளாயிரம் ரூபாய்’ என்று திருத்தி வாசிக்கவும்.”